ஒரு ஸ்டார்னா ஒண்ணு: செல்லுக்குள்ள சார்ட் வந்த கதை

திங்கட்கிழமை காலையில பல ஆபீஸ்கள்ல ஒரு வீக்லி ரிப்போர்ட் மெயில் வரும். ஒரே ஒரு எக்செல் ஷீட், ஏழெட்டு வரிசை, ஒவ்வொரு வரிசையோட கடைசியிலயும் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிக் கோடு. அந்தக் கோட்டுக்குப் பேரு ஸ்பார்க்லைன். போன்ல திறந்து, அந்தக் கோடுகள் மேல போகுதா கீழ போகுதான்னு மட்டும் பார்த்துட்டு, மேனேஜர் மீட்டிங்குக்குப் போயிடுவார். இன்னைக்கு எபிசோட் அந்தக் குட்டிக் கோட்டோட வரலாறு. அதைச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தக் கோட்டுல அளவுகோல் கிடையாது. 12 எங்க, 120 எங்கன்னு அது சொல்லாது. ஆனா செல்லுக்குள்ள சார்ட் போடுற பழக்கம் ஆரம்பிச்சப்போ அளவுகோல் இருந்தது. அது எப்போ, எப்படிக் காணாம போச்சுங்கறதுதான் கதை.

1979-க்குப் போவோம். டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன்னு ரெண்டு பேர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விசிகால்க்னு ஒரு புரோகிராம் எழுதினாங்க. பர்சனல் கம்ப்யூட்டர்ல ஓடிய முதல் ஸ்ப்ரெட்ஷீட் அதுதான். அந்தத் திரையில ஒரு வரிக்கு 40 எழுத்துதான் தெரியும். ஒரு செல்லோட அகலம் வழக்கமா 9 எழுத்து. அப்படின்னா ஒரு நேரத்துல நாலு நெடுவரிசைக்கு மேல பார்க்க முடியாது. இந்த இடத்துல சார்ட் போட எங்க போறது?

ஆனாலும் போட்டாங்க. விசிகால்க்ல ஒரு செல்லை எப்படிக் காட்டணும்னு சொல்ல `/F`-னு ஒரு கட்டளை இருந்தது. `/F$` அடிச்சா பைசா வரைக்கும் காட்டும், `/FI` அடிச்சா முழு எண்ணா காட்டும். அந்தப் பட்டியல்லயே இதுவும் ஒண்ணு:

```
/F*
```

இதை அடிச்சா செல்லுல எண் மறைஞ்சு, அந்த எண் எவ்வளவோ அத்தனை ஸ்டார் வரும். 5 இருந்தா அஞ்சு ஸ்டார். 7 இருந்தா ஏழு ஸ்டார். பத்து வரிசைக்கு இதைப் போட்டா ஒரு பார் சார்ட் கிடைச்சுடும். கிராஃபிக்ஸ் கிடையாது, பிக்சல் கிடையாது, வெறும் எழுத்து.

இதுல ரொம்ப கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. உங்க விற்பனை 70 யூனிட்னா எழுபது ஸ்டார் அந்தச் செல்லுல நுழையாது. அதனால நீங்களே பக்கத்துல ஒரு செல் எடுத்து, பத்தால வகுத்து, அதுக்கு `/F*` போடணும். அந்த வகுத்தல் ஷீட்லயே ஃபார்முலாவா உட்கார்ந்திருக்கும். யாராவது வந்து கேட்டா, ஒரு ஸ்டார்னா பத்து யூனிட்னு கையை வச்சுக் காட்டலாம். பூஜ்யம் எங்க ஆரம்பிக்குதுன்னு சந்தேகமே வராது. ஸ்டார் இல்லைன்னா பூஜ்யம். விசிகால்க்கால வேற மாதிரி வரையவே முடியாது. யாரும் நேர்மையை நினைச்சு அப்படிச் செய்யல, அந்த மெஷினோட ஏழ்மை அப்படி.

மைக்ரோசாஃப்ட் 1982-ல கொண்டு வந்த மல்டிபிளான்லயும் இதே ஸ்டார் ஃபார்மேட் இருந்தது. 1983 ஜனவரியில மிட்ச் கேபோரோட லோட்டஸ் 1-2-3 வந்து சந்தையை மொத்தமா அள்ளிட்டுப் போச்சு. அதுல இந்த விஷயம் ஒரு படி மேல. `+/-`-னு ஒரு ஃபார்மேட். லாபம் 4-னா `++++`, நஷ்டம் 3-னா `---`, பூஜ்யம்னா ஒரு புள்ளி. மைனஸையும் காட்டும், பூஜ்யத்துக்கும் ஒரு அடையாளம் வைக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில இந்தப் புள்ளி ரொம்பப் பிடிக்கும். 'டேட்டா இல்லை', 'டேட்டா பூஜ்யம்' ரெண்டும் வேற வேறன்னு அந்த ஒரு புள்ளி சொல்லிடுது. 

ஆனா அதே லோட்டஸ்லதான் பிரிவினையும் ஆரம்பிச்சது. அதுல நிஜமான கிராஃபும் உண்டு. F10 அழுத்தினா ஷீட் மறைஞ்சு, முழுத் திரையிலும் கிராஃப் வரும். பிரிண்ட் எடுக்கணும்னா கிராஃபைத் தனி ஃபைலா சேமிச்சு, பிரிண்ட்கிராஃப்னு ஒரு தனி புரோகிராமைத் திறக்கணும். எண்கள் ஒரு வீட்டுல, படம் இன்னொரு வீட்டுல. 1985-ல மெக்கின்டாஷுக்கு வந்த முதல் எக்செல்லயும் சார்ட்டுக்குத் தனி விண்டோ. 1990-ல வந்த எக்செல் 3-லதான் சார்ட்டை ஷீட் மேலயே ஒட்ட முடிஞ்சது. ஒட்ட முடிஞ்சதே தவிர, அது செல்களுக்கு மேல மிதக்கிற ஒரு பெட்டி. எட்டு வரிசைக்கு எட்டு பெட்டி வச்சா ரிப்போர்ட் ஒரு பக்கத்துல அடங்காது. அந்த மிதக்கும் சார்ட்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பக்கத்துல அச்சு இருக்கும், அதுல எண் எழுதியிருக்கும். அதை மறந்துடாதீங்க.

அடுத்த திருப்பம் எக்செல் உலகத்துக்கு வெளியே. எட்வர்ட் டஃப்டி, யேல் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தவர், தகவலைப் படமா காட்டுறது பத்தி எழுதின புத்தகங்களுக்காக உலகம் முழுக்கத் தெரிஞ்சவர். 2004-ல தன்னோட வெப்சைட்ல ஒரு புது அத்தியாயத்தோட வரைவைப் போட்டார். 2006-ல அது 'பியூட்டிஃபுல் எவிடன்ஸ்' புத்தகத்துல வந்தது. ஸ்பார்க்லைன்ங்கற பேரை வச்சது அவர்தான். யோசனை சிம்பிள். ஒரு வார்த்தை எவ்வளவு இடம் எடுக்குமோ அவ்வளவு இடத்துலயே ஒரு கிராஃப், அதுவும் வாக்கியத்துக்கு நடுவுலயே வரலாம்.

அவர் காட்டின உதாரணம் ஒரு நோயாளியோட ரத்த குளுக்கோஸ். இங்கதான் பல பேர் கவனிக்காம விட்டுட்ட ஒரு நுணுக்கம். அவர் வெறும் கோட்டை வரையல. கோட்டோட கடைசிப் புள்ளிக்குச் சிவப்பு நிறம், பக்கத்துலயே அதே சிவப்புல 6.6-னு எண். கோட்டுக்குப் பின்னால ஒரு சாம்பல் பட்டை, அது நார்மலான அளவு எதுலேருந்து எது வரைக்கும்னு காட்டும். அச்சை எடுத்துட்டார், சரி. ஆனா அச்சு செய்த வேலையை எண்ணுக்கும் பட்டைக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டுத்தான் எடுத்தார்.

அதே 2006-ல ஜூஸ் அனலிடிக்ஸ்னு ஒரு நிறுவனத்தோட பிளாக்ல பழைய ஸ்டார் வித்தை திரும்ப வந்தது, எக்செல்லோட `REPT` ஃபங்ஷன் மூலமா. ஒரு எழுத்தை எத்தனை தடவை வேணுமோ அத்தனை தடவை திருப்பிப் போடுற ஃபங்ஷன் அது. நெட்டுக்குத்தா இருக்கிற `|` எழுத்தைச் சின்ன ஏரியல் ஃபாண்ட்ல வரிசையா போட்டா, அச்சு அசல் பார் மாதிரி தெரியும். இன்னைக்கு நாம இப்படி எழுதலாம்:

```
=REPT("█",ROUND(B2/10,0))
```

`ROUND` ஏன்னா, `REPT` தசமத்தை வெட்டிடும். 4.9-ஐக் கொடுத்தா நாலு கட்டைதான் வரும். 0.9-ஐக் கொடுத்தா ஒண்ணுமே வராது. மைனஸ் கொடுத்தா `#VALUE!`. ஆனா பாருங்க, 1979-ல இருந்த அதே பத்தால வகுக்கிற வேலை மறுபடியும் ஃபார்முலாவுல வந்து உட்கார்ந்திருச்சு. ஒரு கட்டைன்னா பத்து. யார் வேணும்னாலும் செல்லைக் கிளிக் பண்ணிப் பார்த்துக்கலாம்.

இப்போ எக்செல் 2007. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல டேட்டா பார் வந்தது. செல்லோட பின்னணியில நீல நிறத்துல பார். பார்க்க அழகு, ஆனா உள்ளே ஒரு சிக்கல். டீஃபால்ட்டா இருக்கிற எண்கள்ல எது சின்னதோ அதுக்குச் செல் அகலத்துல 10 சதவீதம், எது பெருசோ அதுக்கு 90 சதவீதம். நடுவுல இருக்கிறதெல்லாம் அதுக்கேத்த மாதிரி. உங்ககிட்ட 405-உம் 418-உம் இருந்தா, நிஜத்துல வித்தியாசம் மூணு சதவீதம்தான். பார்ல பார்த்தா ஒண்ணு இன்னொண்ணைவிட ஒன்பது மடங்கு நீளம். செல்லுக்குள்ள சார்ட் திரும்பி வந்துடுச்சு, ஒரு ஸ்டார்னா ஒண்ணுங்கற கணக்கு வரல.

மூணு வருஷம் கழிச்சு, எக்செல் 2010-ல அதைச் சரி பண்ணாங்க. எல்லாம் பாசிட்டிவ் எண்ணா இருந்தா டேட்டா பார் இப்போ பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும், மைனஸுக்கு எதிர்ப்பக்கம் போகும். நல்ல விஷயம். அதே 2010 வெர்ஷன்ல, அதே ரிப்பன்ல, ஸ்பார்க்லைனும் வந்தது. மூணு வகை: `Line`, `Column`, `Win/Loss`. அதுக்கு முன்னாடியே மைக்ரோசாஃப்ட் இதுக்குப் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டிருந்தது 2009-ல வெளியே தெரிஞ்சு, டஃப்டியோட வாசகர்கள் மத்தியில பெரிய சலசலப்பு. அது ஒரு தனி எபிசோடுக்கான கதை. எனக்கு அதைவிட வருத்தமானது இது: டேட்டா பார்ல எந்தத் தப்பைத் திருத்தினாங்களோ, அதையே அதே வெர்ஷன்ல `Column` ஸ்பார்க்லைன்ல டீஃபால்ட்டா வச்சுட்டாங்க. ஒவ்வொரு குட்டிச் சார்ட்டும் தன்னோட சின்ன எண்ணைத் தரையாவும் பெரிய எண்ணைக் கூரையாவும் எடுத்துக்கும். எண் பக்கத்துல வராது, சாம்பல் பட்டை கிடையாது. டஃப்டி அச்சுக்குப் பதிலா கொடுத்த ரெண்டையும் விட்டுட்டு, கோட்டை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

இது ரிப்போர்ட்ல என்ன செய்யும்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எபிசோட்ல வாசிச்ச நம்பர்களை இங்கே போட்டிருக்கோம். விளக்கத்துக்காக நான் உருவாக்கினது, ஒரு ஆப்போட எட்டு வார எர்ரர் எண்ணிக்கை, B-லேருந்து I வரைக்கும்:

```
லாகின்    412 405 418 409 415 407 411 416
பேமென்ட்   12  14  13  19  31  48  77 120
```

கண்ணால எண்ணைப் படிச்சாலே தெரியுது. லாகின்ல ஒண்ணும் நடக்கல. பேமென்ட்ல எட்டு வாரத்துல பத்து மடங்கு. யாரோ ஒருத்தரோட காசு மாட்டிக்கிட்டு இருக்கு.

இப்போ `B2:I3`-ஐ செலக்ட் பண்ணி, `Insert` டேப்ல `Sparklines`, அதுல `Column`, இடம் `J2:J3`-னு கொடுங்க. லாகின் வரிசையில 405-க்கு ஒரு துளி உயரம், 418-க்கு முழு உயரம். எட்டு வாரமும் மேலயும் கீழயுமா பல்லு மாதிரி குதிக்கும். பேமென்ட் வரிசையில அழகா படி ஏறுற மாதிரி ஒரு உருவம். போன்ல வேகமா ஸ்க்ரோல் பண்றவரோட கண்ணு எங்க நிக்கும்? குதிக்கிற இடத்துலதான். 'லாகின்ல என்ன பிரச்சனை'ன்னு மீட்டிங் ஓடும். ஒரு மூணு சதவீத ஆட்டத்துக்காக.

'அப்போ ரெண்டுக்கும் ஒரே அளவுகோல் வச்சுடுவோம்'னு தோணும். அதுக்கு வழி இருக்கு. `Sparkline` டேப்ல `Axis` பட்டனுக்குள்ள, குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு ரெண்டுக்கும் தனித்தனியா `Same for All Sparklines` இருக்கும். ரெண்டையும் போடுங்க. இப்போ தரை 12, கூரை 418. லாகின் எல்லாம் கூரையோட ஒட்டிக்கிட்டு நிக்கும், அது சரிதான். ஆனா பேமென்ட் ஏறினது மொத்த உயரத்துல கால் பங்குக்குக் கொஞ்சம் மேல. எக்செல்லோட சாதாரண வரிசை உயரம் 20 பிக்சல். அதுல கால் பங்குன்னா அஞ்சு பிக்சல். பத்து மடங்கு உயர்ந்த ஒரு விஷயம் போன்ல ஒரு சின்ன மேடு மாதிரி தெரியும். முதல் தடவை வீணா பயமுறுத்துச்சு, ரெண்டாவது தடவை நிஜமான தீயை மூடி வச்சிருச்சு. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் ஆபத்து.

வேலை செய்ற வழி, வரையறதுக்கு முன்னாடி எண்ணையே மாத்துறது. ஒவ்வொரு வாரத்தையும் அந்த வரிசையோட எட்டு வார சராசரியால வகுங்க. K-ல ஆரம்பிச்சு R வரைக்கும் தனியா எட்டு செல்:

```
=IF(B2="",NA(),B2/AVERAGE($B2:$I2))
```

இப்போ 1-னா 'வழக்கம்போல'ன்னு அர்த்தம். லாகின் சராசரி கிட்டத்தட்ட 412, அதனால அதோட எட்டு எண்ணும் 0.98-க்கும் 1.02-க்கும் நடுவுல அடங்கிடும். பேமென்ட் சராசரி 41.75, அது 0.29-லேருந்து 2.87 வரைக்கும் போகும். பழைய ஸ்பார்க்லைனை நீக்கிட்டு, `K2:R3`-ஐ வச்சு J-ல புதுசா வரைஞ்சு, `Same for All Sparklines` போட்டு, குறைந்த மதிப்புக்கு மட்டும் `Custom Value` எடுத்து 0 கொடுங்க. லாகின் எட்டும் ஒரே உயரத்துல நேரா நிக்கும். பேமென்ட் ராக்கெட் மாதிரி ஏறும். கடைசி வாரத்தோட அசல் எண்ணை, 416, 120-னு பக்கத்து செல்லுல பெரிய எழுத்துல வைங்க. டஃப்டியோட சிவப்பு 6.6 செய்த வேலை அதுதான். ஒரு எச்சரிக்கை: சராசரி ரொம்பச் சின்னதா இருந்தா, உதாரணமா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு எர்ரர் வர வரிசையில, ஒண்ணு மூணானாலே ராக்கெட் கிளம்பும். அந்த மாதிரி வரிசைக்குச் சார்ட்டே வேண்டாம், எண்ணை மட்டும் போடுங்க.

இந்த வழியில மூணு குழி இருக்கு, எல்லாமே அமைதியா நடக்கிற தப்பு, எக்செல் எந்த எர்ரரும் காட்டாது.

முதல் குழி, குரூப். `Same for All Sparklines`-ல 'ஆல்'னா ஷீட்ல இருக்கிற எல்லாம் இல்லை, அந்த குரூப்ல இருக்கிறது மட்டும். ஒரே மூச்சுல செய்தாலோ, கீழ இழுத்து நிரப்பினாலோ ஒரே குரூப்பா இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனியா `Insert` பண்ணியிருந்தா ஒவ்வொண்ணும் தனி குரூப், செட்டிங் போட்டும் அளவுகோல் ஒண்ணாகாது. கண்டுபிடிக்கிறது ஈசி: ஒரு ஸ்பார்க்லைனைக் கிளிக் பண்ணுங்க. மொத்த நெடுவரிசையைச் சுத்தி நீலக் கோடு வந்தா ஒரே குரூப். ஒரு செல்லை மட்டும் சுத்தினா, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி `Group` அழுத்துங்க.

ரெண்டாவது, மறைக்கிறது. ரிப்போர்ட் சின்னதா இருக்கணும்னு K-லேருந்து R வரைக்கும் `Hide` பண்ணுவீங்க. உடனே ஸ்பார்க்லைன் எல்லாம் காலி. மறைச்ச டேட்டாவை அது டீஃபால்ட்டா வரையாது. `Edit Data`-வுக்குள்ள `Hidden & Empty Cells` போய், `Show data in hidden rows and columns`-ல டிக் வைங்க. அதே பெட்டியில காலி செல்லை இடைவெளியா விடணுமா, பூஜ்யமா எடுக்கணுமான்னு ஒரு கேள்வி இருக்கும். இடைவெளியே இருக்கட்டும். பூஜ்யம் போட்டா, டேட்டா வராத ஒரு பண்டிகை வாரம், எர்ரரே இல்லாத சாதனை வாரம் மாதிரி தெரியும். லோட்டஸ் ஒரு புள்ளி வச்சுப் பிரிச்சுக் காட்டினது இதைத்தான்.

மூணாவது, முடியாத வாரம். புதன்கிழமை ரிப்போர்ட் எடுத்தா கடைசி கட்டை எப்பவும் பாதி உயரத்துலதான் நிக்கும். பார்க்கிறவங்க பிரச்சனை குறைஞ்சிருச்சுன்னு நினைப்பாங்க. நடப்பு வாரத்தை ரேஞ்சுலயே சேர்க்காதீங்க. சராசரிக் கணக்குலயும் அது நுழைஞ்சா மத்த ஏழு வாரத்தையும் தூக்கிக் காட்டும்.

கடைசியா அனுப்புற விஷயம். ஸ்பார்க்லைன் செல்லோட பின்னணியில வரையற படம், செல்லோட மதிப்பு இல்லை. அதனாலதான் அதை `Delete` கீ அழுத்தி அழிக்க முடியாது, `Clear` போகணும். அதனாலதான் அந்த செல்லுலயே எண்ணும் எழுத முடியுது. அதே காரணத்தால, செல்களைக் காப்பி பண்ணி மெயில்ல சாதாரணமா பேஸ்ட் பண்ணா எண் போகும், கோடு போகாது. படமா பேஸ்ட் பண்ணணும். பழைய `.xls` ஃபார்மேட்ல சேமிச்சாலும் கோடு காணாம போயிடும். லிப்ரே ஆபீஸ் வச்சிருக்கிறவங்களுக்கு 2022-ல வந்த 7.4 வெர்ஷன்லேருந்துதான் ஸ்பார்க்லைன் தெரியும், அதுக்கு முந்தினதுல வெறும் செல்தான்.

`REPT` கட்டைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஏன்னா அது எழுத்து. மெயில்ல போகும், சாட்ல போகும், `CSV UTF-8` ஃபைலா எடுத்தாலும் போகும். எட்டு வார ஓட்டத்தை அது காட்டாது, இந்த வாரத்தை மட்டும்தான் காட்டும். அதனால நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பேன்: ஓட்டத்துக்கு ஸ்பார்க்லைன், இந்த வார அளவுக்கு கட்டை, தலைப்புல '█ = 10 எர்ரர்'னு ஒரு வரி. நம்ம டேபிள்ல பேமென்ட்டுக்குப் பன்னிரண்டு கட்டை வரும், மூணாவது வாரம் அங்கே ஒரே ஒரு கட்டைதான் இருந்தது.